வெட்டிய விலைக்கும் ஒரு வரலாறு உண்டு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுதாக வாசியுங்கள். பண்டிகைச் சாமான் வாங்க ஹட்டனுக்கோ தலவாக்கலைக்கோ இறங்குவதற்கு முன் வாசித்தால் இன்னும் நல்லது.

தீபாவளி, பெருநாள், நத்தார், புதுவருடம் என்று எது வந்தாலும் பஜாரில் ஒரே காட்சிதான். சேலையிலும் சேட்டிலும் தொங்கும் சிறு அட்டையில் இரண்டு எண்கள் இருக்கும். மேலே உள்ள எண்ணைக் கோடு போட்டு வெட்டியிருப்பார்கள். கீழே உள்ள எண் பெரிதாக, சிவப்பில் இருக்கும். நாம் காசு கொடுப்பது கீழே உள்ள எண்ணுக்குத்தான். ஆனால் நம்மை வாங்க வைப்பது மேலே உள்ள எண்.

நான் வரலாறு படிப்பிக்கிறவன். அந்த வெட்டிய எண்ணை நான் ஒரு வரலாற்றுக் கூற்றாகத்தான் பார்க்கிறேன். "முன்பு இந்தப் பொருள் இந்த விலைக்கு விற்கப்பட்டது" என்று அது சொல்கிறது. அது கடந்த காலத்தைப் பற்றிய ஒரு சாட்சியம். சாட்சியம் என்றால் வகுப்பில் நாங்கள் கேட்கும் கேள்விகளை அதனிடமும் கேட்க வேண்டும். இதை எழுதியது யார்? எப்போது எழுதினார்? இவர் சொல்வதை உறுதிப்படுத்த வேறு ஆதாரம் உண்டா?

பெரும்பாலும் மூன்றாவது கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது. அந்த எண்ணின் பலமே அங்குதான் இருக்கிறது.

எண்ணை எழுதியவர் கையில் கணக்கு

எழுதப்பட்ட எண்ணைச் சரிபார்க்க முடியாமல் நிற்பது மலையகத்துக்குப் புதிதல்ல. நம்முடைய பாட்டன், பூட்டன் காலத்தில் "துண்டு" என்று ஒன்று இருந்தது. ஒரு கங்காணியின் ஆட்கள் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், பழைய தோட்டம் ஒரு துண்டுக் கடிதம் கொடுக்கும். இத்தனை பேருக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் இவர்களை விடுவோம் என்பதே அதன் பொருள். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கட்டிய தொகை மறுபடியும் அதே ஆட்களின் தலையில் கடனாக ஏறும்.

அந்த எண் எப்படி வந்தது என்று தொழிலாளியால் கேட்க முடியாது. கணக்குப் புத்தகம் கங்காணியிடமும் தோட்டத்திடமும் இருந்தது. எண்ணை எழுதியவரே அந்த எண்ணின் வரலாற்றையும் வைத்திருந்தார். இந்தத் துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

துண்டும் விலைக்கழிவு அட்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அது மனிதரைக் கட்டிப் போட்டது. இது ஒரு சேலையை விற்கிறது. ஆனால் இரண்டின் உள்ளேயும் ஒரே பொறிமுறை இருக்கிறது. பழைய கணக்கு ஒன்று காகிதத்தில் எழுதப்படுகிறது, அதை நம்பி ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, ஆனால் அந்தக் கணக்கைப் பார்க்கும் வழி அவருக்கு இல்லை.

விலை தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையிலான இந்த இடைவெளியைப் பழைய சந்தைகளும் அறிந்திருந்தன. இஸ்லாமிய வணிகச் சட்டத்தில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. கிராமத்திலிருந்து சரக்கோடு வரும் வியாபாரியை ஊருக்கு வெளியே போய் மறித்து, சந்தை விலை அவருக்குத் தெரியும் முன்பே சரக்கை வாங்கிவிடுவது தடுக்கப்பட்டிருந்தது. அப்படி யாராவது வாங்கிவிட்டால், அவர் சந்தைக்கு வந்து உண்மை விலையைக் கண்டபின் அந்த விற்பனையை ரத்துச் செய்யும் உரிமை அவருக்கு இருந்தது. அங்கே பாதுகாக்கப்பட்டது விற்பவர். இன்றைக்கு விலை தெரியாமல் நிற்பது வாங்குபவர். ஆள் மாறியிருக்கிறதே தவிர, பிரச்சினை மாறவில்லை.

விலை அட்டை பிறந்த கதை

வெட்டிய விலை தோன்ற வேண்டுமானால், முதலில் வெட்டுவதற்கு ஒரு விலை எழுதப்பட்டிருக்க வேண்டும். உலகின் பெரும்பாலான கடைகளில் நீண்ட காலமாக விலை எழுதப்படவில்லை. கடைக்காரர் ஆளைப் பார்ப்பார், உடுப்பைப் பார்ப்பார், ஒரு விலை சொல்வார். நாம் பாதி கேட்போம். நடுவில் எங்கோ வந்து நிற்கும். அந்த முறையில் யாரும் முதலில் சொன்ன விலையை உண்மை என்று நம்பவில்லை. அது ஏமாற்றும் அல்ல, பேச்சைத் தொடங்கும் ஒரு வழி. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

இங்கிலாந்தில் 17 ஆம் நூற்றாண்டில் குவேக்கர் என்ற கிறிஸ்தவக் குழுவினர் இதை ஒரு நேர்மைப் பிரச்சினையாகப் பார்த்தார்கள். கொடுக்கப் போகாத விலையைச் சொல்வது பொய் என்று கருதி, எல்லோருக்கும் ஒரே விலை என்று விற்கத் தொடங்கினார்கள். சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் அதே விலைதான். 19 ஆம் நூற்றாண்டில் பெரிய கடைகள் இந்த முறையை எடுத்துக்கொண்டன. பாரிஸில் அரிஸ்டீட் பூசிக்கோ 1852 இல் பங்காளியாகச் சேர்ந்து வளர்த்த 'பொன் மார்ஷே', அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜோன் வனமேக்கரின் கடை ஆகியவை பொருளிலேயே விலையை எழுதி வைத்துப் பெயர் வாங்கின. நூற்றுக்கணக்கான ஊழியர்கள் வேலை செய்யும் கடையில் ஒவ்வொருவரும் பேரம் பேச முடியாது என்பதும் ஒரு காரணம்.

இங்கேதான் கதை திரும்புகிறது. விலை அட்டை வந்தது நேர்மையின் அடையாளமாக. "இதில் எழுதியிருப்பதே விலை, பேச்சு இல்லை" என்று அது சொன்னது. மக்கள் அட்டையை நம்பப் பழகினார்கள். அந்த நம்பிக்கை வந்த பிறகுதான் வெட்டிய விலைக்கும் பலன் கிடைத்தது. பேரம் பேசும் கடைக்காரர் "ஆறாயிரம் சொல்றேன், நாலாயிரத்துக்குத் தர்றேன்" என்றால் நாம் சிரிப்போம். அதையே அச்சடித்து, 6,000 ஐக் கோடு போட்டு வெட்டிக் கீழே 4,000 என்று எழுதினால் நம்புகிறோம். செய்தது அதே பேரத்தைத்தான். வாய்க்குப் பதில் அட்டை பேசுகிறது, நமக்குத் திருப்பிப் பேச இடம் இல்லை.

நம் ஊர்க் கடைகளின் பாதை கொஞ்சம் வேறு. தோட்டத்துக் கடையில் கொப்பியில் கடன் எழுதி, சம்பளத்தன்று தீர்ப்பதுதான் வழக்கமாக இருந்தது. கூப்பன் காலத்தில் அரிசிக்கும் மாவுக்கும் சீனிக்கும் விலையை அரசே சொன்னது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு இறக்குமதிப் புடவைகளும் பிளாஸ்டிக் சாமான்களும் மின்சாதனங்களும் மலைக்கு ஏறின. முன்பின் விலை தெரியாத பொருட்கள் கடையை நிரப்பின. விலை தெரியாத பொருள் எங்கே இருக்கிறதோ, வெட்டிய விலைக்கு அங்கே வேலை இருக்கிறது.

மனதுக்குள் இருக்கும் விலை

ஏன் ஒரு வெட்டிய எண் நம் மதிப்பீட்டை மாற்றுகிறது? பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1985 இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு எளிமையான விளக்கம் தந்தார். ஒரு பொருளை வாங்கும்போது நமக்கு இரண்டு விதமான திருப்தி கிடைக்கிறது. ஒன்று, பொருளால் வரும் பயன். சேலையைக் கட்டலாம், கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைக்கலாம். மற்றது, பேரத்தால் வரும் மகிழ்ச்சி. "கொடுக்க வேண்டிய விலையை விடக் குறைவாகக் கொடுத்தேன்" என்ற உணர்வு அது. அந்த "கொடுக்க வேண்டிய விலை"தான் ஒப்பீட்டு விலை. நாம் ஒவ்வொருவரும் மனதில் அதை வைத்திருக்கிறோம்.

தேலர் ஒரு சிறு கேள்வி கேட்டுப் பார்த்தார். கடற்கரையில் தாகத்தோடு படுத்திருக்கிறீர்கள். நண்பர் ஒருவர் போய் குளிரான பியர் வாங்கி வருகிறேன் என்கிறார். எவ்வளவு வரை கொடுப்பீர்கள்? நண்பர் போவது ஒரு பெரிய ஹோட்டலுக்கு என்று கேட்டவர்கள் சொன்ன நடுத்தர விலை 2.65 டொலர். சின்னப் பலசரக்குக் கடைக்கு என்று கேட்டவர்கள் சொன்னது 1.50 டொலர். போத்தல் ஒன்றே, குடிக்கப்போகும் இடமும் ஒன்றே. வாங்கும் இடம் மாறியதும் "நியாய விலை" மாறிவிட்டது. இதை நம் ஊருக்கு மாற்றிப் பாருங்கள். நுவரெலியாவில் பெரிய ஹோட்டலில் ஒரு பிளேன்டீக்குக் கொடுக்கும் காசை, ஹட்டன் பஸ் நிலையத்துக் கடையில் கேட்டால் சண்டை வரும்.

மனதில் உள்ள இந்த விலை எப்படி நகர்கிறது என்பதை நாம் எல்லோரும் ஒரு பொருளில் அனுபவித்திருக்கிறோம். அது கேஸ் சிலிண்டர்.

லிட்ரோ 12.5 கிலோ சிலிண்டரின் கொழும்பு விலையை எடுத்துக்கொள்வோம். நம் மாவட்டத்தில் போக்குவரத்துச் செலவால் எப்போதும் அதைவிடக் கூட. 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாய். அந்த மாதம் ஒரே நாளில் 2,750 ஆனது. அன்று எவ்வளவு கோபம் வந்தது என்று நினைவிருக்கும். 2022 ஏப்ரலில் 4,860. ஜூலையில் 4,910. பிறகு இறங்கியும் ஏறியும், 2023 ஏப்ரலில் 3,738 ஆனது.

அந்த 3,738 ஐக் கேட்டபோது பெரும்பாலான வீடுகளில் என்ன சொன்னோம்? "கேஸ் குறைஞ்சிருச்சு" என்றோம். நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். ஆனால் அது ஒன்றரை வருடத்துக்கு முன் இருந்த விலையின் இரண்டரை மடங்கு. 2021 இல் 2,750 நம்மைக் கொதிக்க வைத்தது. 2023 இல் அதைவிட ஏறத்தாழ 1,000 ரூபாய் கூடிய விலை நம்மைச் சந்தோஷப்படுத்தியது. இதில் யாரும் பொய் அட்டை ஒட்டவில்லை. 4,910 என்ற எண் மனதில் குடியேறி, 1,493 ஐ வெளியே தள்ளிவிட்டது. வெட்டிய விலையை நம் மனமே எழுதிக்கொண்டது.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் புரிகிறது. மனம் எப்போதும் ஏதாவது ஒரு பழைய எண்ணோடு ஒப்பிட்டே விலையை மதிப்பிடுகிறது. கேஸ், அரிசி, பாண், சீனி போன்ற அடிக்கடி வாங்கும் பொருட்களுக்கு அந்த எண் நம் நினைவிலிருந்து வருகிறது. அதனால் ஒரு கிலோ சீனியில் யாரும் "முன்பு 900, இப்போது 300" என்று எழுதி நம்மை ஏமாற்ற முடியாது. ஆனால் பட்டுச் சேலை, மெத்தை, பிளெண்டர், பிள்ளையின் சப்பாத்து போன்றவற்றை வருடத்துக்கு ஒரு தடவையோ அதைவிடக் குறைவாகவோ வாங்குகிறோம். அவற்றுக்கு நினைவில் எண் இல்லை. அந்த வெற்றிடத்தில் அட்டை தன் எண்ணை எழுதுகிறது.

ஒரு சேலையின் கணக்கு

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். இது எந்தக் கடையையும் குறிப்பதல்ல, விளக்கத்துக்கான கணக்கு மட்டுமே.

ஒரு சேலை கடைக்காரருக்கு 3,000 ரூபாய்க்கு விழுகிறது. வாடகை, கரண்ட், ஆள் சம்பளம் எல்லாம் பார்த்து 30 சதவீதம் வைத்தால் விற்பனை விலை 3,900. இது நியாயமான விலை. வருடம் முழுவதும் அந்த விலைக்கே விற்கலாம்.

இப்போது அதே சேலையில் 6,500 என்று எழுதி வெட்டி, கீழே "40% விலைக்கழிவு, 3,900" என்று எழுதுங்கள். கடைக்காரருக்குக் கிடைப்பது அதே 3,900. சேலையும் அதே சேலை. ஆனால் வாங்குபவர் பார்ப்பது 3,900 ரூபாய்ச் செலவை அல்ல, 2,600 ரூபாய் மிச்சத்தை.

தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 2,600 என்பது கிட்டத்தட்ட இரண்டு நாள் கொழுந்து. இரண்டு நாள் உழைப்பு மிச்சம் என்று நினைக்கும்போது, பக்கத்தில் இருக்கும் இரண்டாவது சேலைக்கும் கை போகும். தீபாவளி முற்பணத்தில் பிள்ளையின் கொப்பிக்கு வைத்த காசு அங்கே போகும். உண்மையில் மிச்சம் எதுவும் இல்லை. இரண்டு சேலைக்கும் சேர்த்து 7,800 ரூபாய், ஆறு நாள் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவு, கையை விட்டுப் போயிருக்கிறது. அந்த முற்பணமும் பின்னால் சம்பளத்தில் மாதா மாதம் வெட்டுப்படும்.

"நான் இதையெல்லாம் நம்ப மாட்டேன்" என்று சிலர் சொல்வார்கள். 1988 இல் அமெரிக்காவில் ஜோயல் அர்பனியும் அவரோடு சேர்ந்த இரு ஆய்வாளர்களும் இதைத்தான் சோதித்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டி விளம்பரங்களில் நம்பக்கூடிய பழைய விலையையும், வேண்டுமென்றே மிகைப்படுத்திய பழைய விலையையும் போட்டுக் காட்டினார்கள். மிகைப்படுத்திய விலையைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது. இருந்தும் அந்தப் பெட்டியின் மதிப்பு அவர்கள் கண்ணில் கூடியது. "6,500 எல்லாம் பொய், 5,000 இருக்கும்" என்று நாம் புத்திசாலித்தனமாகக் குறைத்துக் கணக்குப் போடுகிறோம் அல்லவா? அந்த 5,000 மும் 6,500 இலிருந்து பிறந்ததுதான். அட்டை இல்லாவிட்டால் நாம் 3,500 என்று கூட மதிப்பிட்டிருக்கலாம்.

சட்டம் கேட்ட கேள்வி

பல நாடுகளின் சட்டங்கள் இந்த விஷயத்தில் ஒரு வரலாற்றாசிரியரைப் போலவே நடந்துகொண்டன. விலைக்கழிவு கொடுக்கக் கூடாது என்று அவை சொல்லவில்லை. "முன்பு என்று சொல்கிறாயே, எப்போது, எத்தனை நாள்?" என்று கேட்டன.

அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 1964 இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு பேனைக் கடைக்காரரின் உதாரணம் இருக்கிறது. பேனை அவருக்கு 5 டொலருக்குக் கிடைக்கிறது. வழக்கமாக 7.50 க்கு விற்கிறார். சில நாளைக்கு மட்டும் 10 டொலர் என்று எழுதுகிறார். யாரும் வாங்க மாட்டார்கள் என்று அவருக்கே தெரியும். பிறகு "10 டொலர் பேனை இப்போது 7.50 மட்டுமே" என்று விளம்பரம் செய்கிறார். இது பொய்யான கூற்று என்று வழிகாட்டி சொல்கிறது. பழைய விலை என்றால், அந்த விலைக்குக் கணிசமான காலம் உண்மையாகவே விற்பனைக்கு வைத்திருக்க வேண்டும்.

பிரித்தானியாவின் 1968 ஆம் ஆண்டு வணிக விபரிப்புச் சட்டம் நாட்கணக்கையே சொன்னது. முந்திய 6 மாதத்துக்குள் தொடர்ந்து 28 நாளாவது அந்த விலைக்கு விற்பனைக்கு வைத்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 மே 28 முதல் இன்னும் இறுக்கமாகப் பிடித்தது. விலைக்கழிவு அறிவிக்கும் கடை, அதற்கு முந்திய 30 நாளில் தான் விற்ற ஆகக் குறைந்த விலையையே பழைய விலையாகக் காட்ட வேண்டும். இதனால் பண்டிகைக்கு முன் ஒரு வாரம் விலையை ஏற்றிவிட்டு இறக்கும் தந்திரம் பலிக்காது. ஏற்றுவதற்கு முன் இருந்த குறைந்த விலைதான் அட்டையில் வர வேண்டும்.

நம் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. அதன் 30 ஆம் பிரிவு, வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் விதத்தில் வியாபாரி நடந்துகொள்வதைத் தடை செய்கிறது. விற்காத விலையை விற்ற விலை என்று எழுதுவது இந்தப் பிரிவின் முன் வைத்துக் கேட்கக்கூடிய விஷயம்தான். அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு செய்யலாம். ஆனால் முறைப்பாட்டுக்கு ஆதாரம் வேண்டும். முன்பு என்ன விலை இருந்தது என்பதைக் காட்ட ஒரு படமோ பற்றுச்சீட்டோ இல்லாவிட்டால், அது ஒருவர் சொல்லுக்கு எதிராக இன்னொருவர் சொல் என்றுதான் நிற்கும்.

நேர்மையான கடைக்கு என்ன நடந்தது

கடைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லி முடித்தால் இந்தக் கதை பாதிக் கதைதான். மற்றப் பாதி நம்மைப் பற்றியது.

அமெரிக்காவில் ஜே.சி.பென்னி என்ற நூறு வருடப் பழைய உடுப்புக்கடை நிறுவனம் உண்டு. 2011 ஆம் ஆண்டில் மட்டும் அது 590 தடவை விலைக்கழிவு விற்பனை நடத்தியது. அட்டையில் எழுதிய முழு விலைக்கு விற்ற சரக்கு, மொத்த வருமானத்தில் 1 சதவீதத்தையும் தொடவில்லை. அதாவது அந்த முழு விலை யாரும் கொடுக்காத விலை. ஏறத்தாழ எல்லோரும் வாங்கியது வெட்டிய பிறகு உள்ள விலைக்கு.

அங்கே புதிதாகப் பொறுப்பேற்ற ரொன் ஜோன்சன் என்ற நிர்வாகி, இந்த நாடகம் வேண்டாம் என்று முடிவெடுத்தார். 2012 பெப்ரவரி முதல் வெட்டிய விலையும் கூப்பன்களும் நீக்கப்பட்டன. உண்மையில் மக்கள் கொடுத்துவந்த விலைக்குக் கிட்டிய ஒரே விலை அட்டையில் எழுதப்பட்டது. கணக்குப்படி பார்த்தால் வாங்குபவருக்குப் பெரிய நட்டம் இல்லை.

மக்கள் கடையை விட்டுப் போனார்கள். ஒரே வருடத்தில் விற்பனை ஏறத்தாழ 17.3 பில்லியன் டொலரிலிருந்து 13 பில்லியனுக்கு, அதாவது கால்வாசி, விழுந்தது. 2013 ஏப்ரலில் ஜோன்சன் பதவி இழந்தார். நிறுவனம் பழையபடி அட்டை விலையை உயர்த்தி, அதை வெட்டி விற்கத் தொடங்கியது.

அந்த வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. கடைகளின் அமைப்பையும் சரக்கையும் அவசரமாக மாற்றியது அதில் ஒன்று. இருந்தாலும் பாடம் தெளிவு. பேரத்தால் வரும் மகிழ்ச்சியை எடுத்துவிட்டால், அதே விலையில் அதே பொருள் பலருக்குக் கசந்தது.

இதை நம் பஜாருக்குக் கொண்டு வாருங்கள். ஒரு தெருவில் இரண்டு புடவைக்கடை. ஒருவர் வருடம் முழுவதும் 3,900 என்று எழுதி விற்கிறார். மற்றவர் 6,500 ஐ வெட்டி 3,900 என்று எழுதுகிறார். பண்டிகை வாரத்தில் கூட்டம் எந்தக் கடையில் நிற்கும்? முதல் கடைக்காரர் இரண்டு தீபாவளியைத் தாங்குவார். மூன்றாவது தீபாவளிக்கு அவரும் அட்டை அச்சடிப்பார். அவரை அந்த இடத்துக்குத் தள்ளுவது நாம்தான்.

அட்டையை வாசிக்கும் முறை

எல்லா விலைக்கழிவும் பொய் அல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பருவம் முடிந்த சரக்கு, அளவு முறிந்த சரக்கு, கடன் கட்டக் காசு தேவைப்படும் கடை ஆகியவை உண்மையாகவே விலையைக் குறைக்கும். அதில் வாங்குவது நல்ல காரியம். இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சில அடையாளங்கள் உண்டு.

உண்மையான கழிவில் சரக்கு ஒழுங்கற்று இருக்கும். ஒரு நிறம் இருந்தால் மற்ற நிறம் இருக்காது. 38 இருக்கும், 40 இருக்காது. எல்லா நிறமும் எல்லா அளவும் கட்டுக் கட்டாக இருந்து, எல்லாவற்றிலும் 40 சதவீதக் கழிவு என்றால், அது கழிவு விலைக்கு விற்கவே கொண்டுவரப்பட்ட சரக்கு. அட்டையையும் பாருங்கள். பழைய அட்டையில் கையால் வெட்டிப் புது விலை எழுதியிருந்தால், அந்தப் பழைய விலை ஒரு காலத்தில் உண்மையாக இருந்திருக்க வாய்ப்பு உண்டு. இரண்டு விலையும் வெட்டுக்கோடும் ஒரே நேரத்தில் அச்சடிக்கப்பட்டிருந்தால், அந்த "முன்பு" என்ற காலம் அச்சகத்தில் பிறந்தது. ஆனால் கையால் வெட்டுவதையும் வேண்டுமென்றே செய்யலாம். அதனால் இது ஓர் அடையாளம் மட்டுமே, தீர்ப்பு அல்ல.

இரண்டாவது, நாமே ஆதாரம் சேர்ப்பது. பண்டிகைக்கு ஒரு மாதத்துக்கு முன் பஜாருக்குப் போகும்போது, வாங்க நினைக்கும் பொருளின் விலையைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். போன வருடத்துப் பற்றுச்சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கங்காணியின் கணக்கை நம் பாட்டன்மாரால் பார்க்க முடியவில்லை. இந்தக் கணக்கை நாமே எழுதி வைக்கலாம்.

மூன்றாவது, மிக எளிது. அட்டையைப் பார்ப்பதற்கு முன் பொருளைத் தொட்டுப் பார்த்து, "இதற்கு நான் எவ்வளவு கொடுப்பேன்?" என்று கூட வந்தவரிடம் ஒரு எண்ணைச் சொல்லுங்கள். பிறகு அட்டையைத் திருப்புங்கள். முதலில் சொன்ன எண் உங்களுடையது. அட்டையைப் பார்த்தபின் வரும் எண்ணில் கடைக்காரருக்கும் பங்கு உண்டு. கீழே உள்ள விலை உங்கள் எண்ணை விடக் குறைவாக இருந்தால் வாங்குங்கள். கூடவாக இருந்தால், மேலே எவ்வளவு பெரிய எண் வெட்டப்பட்டிருந்தாலும் அது உங்களுக்கு மலிவு அல்ல.

நான்காவதாக ஒரு வேண்டுகோள். வெட்டாமல் ஒரே விலை எழுதி, அதே விலைக்கு வருடம் முழுவதும் விற்கும் கடை உங்கள் ஊரில் இருந்தால், பண்டிகை வாரத்திலும் அங்கே ஒரு தடவை ஏறிப் பாருங்கள். விலை சரியாக இருந்தால் அங்கேயே வாங்குங்கள்.

உங்கள் கண்ணில் பட்ட விலை அட்டைகளைப் பற்றிக் கீழே எழுதுங்கள். கடைப் பெயர் வேண்டாம். பொருளும் இரண்டு எண்களும் மாதமும் போதும். அடுத்த பண்டிகைக்கு அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடமே ஒரு சின்ன ஆவணம் இருக்கும்.